குடியேறி எட்டு மாதமாகியும் அசல் குறையவில்லை

கேள்வி: ஐயா, சொந்த மனையில் வீடு கட்ட வங்கியில் 30 லட்சம் கடன் அனுமதி வாங்கினேன். வட்டி 8.4 சதவீதம், 20 வருடம். வேலை ஆக ஆகப் பணம் விட்டார்கள். பேஸ்மெண்ட் முடிந்ததும் 7.5 லட்சம், நாலு மாதம் கழித்து ரூஃப் போட்டதும் 9 லட்சம், அதற்கு நாலு மாதம் கழித்து பூச்சு வேலைக்கு 8 லட்சம். மீதி 5.5 லட்சத்தை நான் வாங்கவே இல்லை. டைல்ஸ், பெயிண்ட் வேலையை 3 லட்சம் நகைக்கடன் வைத்து முடித்து, எட்டு மாதம் முன்பு பால் காய்ச்சிக் குடி வந்துவிட்டோம். காம்பவுண்டு சுவர் மட்டும் பாக்கி. இப்போது 14 மாதமாக 17,150 ரூபாய் கட்டி வருகிறேன். போன வாரம் ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பார்த்தால் அசல் 24.5 லட்சம் அப்படியே நிற்கிறது. கேட்டால், "இது ப்ரீ இஎம்ஐ சார், வட்டி மட்டும்தான்" என்கிறார்கள். இதுவரை 3 லட்சத்துக்கு மேல் கட்டியிருக்கிறேன். அத்தனையும் தண்டமா? நான் இனி என்ன செய்வது? அனுமதிக் கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.

— வாசகர், திருச்சி மாவட்டம்

பதில்: தண்டம் இல்லை. ஆனால் இதை இன்னும் ஒரு மாதம்கூட இப்படியே ஓட விடாதீர்கள். நீங்கள் பயப்படும் அளவுக்கு நஷ்டம் ஆகவில்லை. அதே சமயம், நீங்களாக எழுதிக் கொடுக்காமல் இது தானாக நிற்கவும் போவதில்லை.

முதலில் உங்கள் கடன் ஏன் நகராமல் நிற்கிறது என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய அனுமதிக் கடிதத்தில், திருப்பிச் செலுத்துதல் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி இருக்கிறது. கடைசித் தொகை வழங்கப்பட்ட மறுமாதத்திலிருந்து, அல்லது முதல் தொகை வழங்கி 36 மாதம் ஆனதும், இரண்டில் எது முந்தியோ அப்போது தவணை தொடங்கும் என்பது அதன் பொருள். கையெழுத்துப் போடும் நாளில் யாரும் இந்த வரியில் நிற்பதில்லை. உங்கள் விஷயத்தில் எல்லாமே இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

நீங்கள் வீடு கட்டி முடித்தீர்களா, குடி வந்தீர்களா என்பது வங்கியின் கணினிக்குத் தெரியாது. 30 லட்சத்தில் 24.5 லட்சம் போயிருக்கிறது, 5.5 லட்சம் இன்னும் போகவில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பாக்கி இருக்கும்வரை உங்கள் வீடு இன்னும் கட்டுமானத்தில் இருப்பதாகவே கணக்கு ஓடும். அதுவரை போன தொகைக்கு வட்டி மட்டும் வாங்கிக்கொண்டிருப்பார்கள். முதல் தொகை வந்து உங்களுக்கு 22 மாதம் ஆகிறது. சும்மா இருந்தால் இன்னும் 14 மாதம் இதே 17,150 ரூபாய்தான் போகும், அசலும் இதே இடத்தில்தான் நிற்கும்.

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது ஒருவர் வந்தார். பதினொன்றரை லட்சம் அனுமதி, 11 லட்சம் வாங்கியிருந்தார். கடைசி 50,000 ரூபாயை மூன்று வருடமாக வாங்கவில்லை. "தேவைப்படவில்லை சார், எதுக்கு வீணா வட்டி கட்டணும்னு விட்டுட்டேன்" என்றார். அந்த 50,000 ரூபாய்க்கு மாத வட்டி நானூறு ரூபாய்கூட வந்திருக்காது. அதை மிச்சம் பிடிக்கப் போய், 11 லட்சத்தின் அசல் மூன்று வருடம் அசையாமல் நின்றுவிட்டது. அவருடைய கடிதத்தில் 36 மாதம் போன்ற உச்சவரம்பும் இல்லை. கிளையிலிருந்து நாங்களாவது அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்தல்தான். அதனால்தான் உங்களுக்கு இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 8.4 சதவீதம் என்றால் லட்சத்துக்கு மாதம் 700 ரூபாய். முதல் நாலு மாதம் 7.5 லட்சத்துக்கு 5,250 வீதம் 21,000 ரூபாய். அடுத்த நாலு மாதம் 16.5 லட்சத்துக்கு 11,550 வீதம் 46,200 ரூபாய். கடைசி 14 மாதம் 24.5 லட்சத்துக்கு 17,150 வீதம் 2,40,100 ரூபாய். மொத்தம் 3,07,300. நடுவில் வட்டி விகிதம் மாறவில்லை என்று வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன். உங்கள் ஸ்டேட்மெண்டில் சில ரூபாய் முன்பின் இருக்கலாம்.

இதில் முதல் எட்டு மாதத்து 67,200 ரூபாயைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அப்போது சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. வாங்கிய பணத்துக்கு மட்டும் வட்டி கட்டினீர்கள், அது சரியான ஏற்பாடு. முதல் தொகை வந்த நாளிலிருந்தே முழுத் தவணை கட்டியிருக்கலாமே என்று சிலர் உங்களிடம் சொல்லியிருக்கக்கூடும். 30 லட்சத்துக்கு 20 வருடத் தவணை 25,845 ரூபாய். முதல் மாதமே அதைக் கட்டியிருந்தால் வட்டி 5,250 போக 20,595 ரூபாய் அசலில் கழிந்திருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொந்த மனையில் கட்டுகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. வங்கிப் பணம் வேலை முடிந்த பிறகுதான் வரும். அதற்குள் கம்பிக்காரருக்கும் சனிக்கிழமைக் கூலிக்கும் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். கையில் இருப்பதையெல்லாம் தவணையில் கொட்டிவிட்டு, காங்கிரீட் போடும் வாரத்தில் வெளியே ரெண்டு வட்டிக்கு வாங்கினால் அது வருடத்துக்கு 24 சதவீதம். 8.4 சதவீதக் கடனைக் குறைக்கப் போய் 24 சதவீதத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

யோசிக்க வேண்டியது கடைசி 14 மாதத்தைத்தான். அந்த 24.5 லட்சத்துக்கு அன்றே தவணை தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 20 வருடத்துக்கு மாதம் 21,107 ரூபாய் வரும். நீங்கள் கட்டியதைவிட 3,957 ரூபாய் கூடுதல். 14 மாதத்தில் அசல் ஏறக்குறைய 58,000 ரூபாய் குறைந்திருக்கும். வட்டியாக மட்டும் எவ்வளவு போயிருக்கும் தெரியுமா? சுமார் 2,37,500 ரூபாய். நீங்கள் கட்டியது 2,40,100. இந்த 14 மாதத்தில் கூடுதலாகப் போன வட்டி 2,600 ரூபாய்தான்.

பலர் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். ப்ரீ இஎம்ஐ என்பது தவணைக்கு மேல் வங்கி தனியாக வாங்கும் கட்டணம் இல்லை. தவணை தொடங்கியிருந்தாலும் முதல் வருடங்களில் அதன் பெரும்பகுதி வட்டிக்குத்தான் போகும். 21,107 ரூபாயில் முதல் மாதம் 17,150 வட்டி, 3,957 அசல். அந்த 3,957 ரூபாயைக் கட்டும் வாய்ப்புதான் உங்களுக்குக் கிடைக்காமல் போனது. அந்தப் பணம் உங்கள் வீட்டில்தான் இருந்தது, வேறு செலவுக்குப் பயன்பட்டது.

இதை அப்படியே விட்டால் கடன் முடிய 14 மாதம் தள்ளிப் போகும் என்பது உண்மை. அதாவது 20 வருடம் கழித்துப் பார்க்கும்போது, 14 மாதம் கட்டிய 2,40,100 ரூபாயும் கூடுதலாகத் தெரியும். ஆனால் அதைச் சரிசெய்ய இன்று 2,40,100 தேவையில்லை. தவணை தொடங்கியதும் 58,000 ரூபாயை அசலில் கட்டி, தவணைத் தொகையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொன்னால் போதும். 14 மாதம் முன்பே தவணை தொடங்கியவர் இன்று எங்கே இருப்பாரோ அங்கே நீங்களும் வந்துவிடுவீர்கள். இதே வேலையை ஒரு வருடம் கழித்துச் செய்தால் 63,000 ரூபாய் ஆகும். கையில் இல்லையென்றால் கடன் வாங்கிக் கட்ட வேண்டாம், போனஸோ சீட்டுப் பணமோ வரும்போது கட்டுங்கள். மிதக்கும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனில் இப்படி முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

அடுத்து, அந்த 5.5 லட்சத்தை என்ன செய்வது என்ற கேள்வி. உங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மீதி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து 24.5 லட்சத்துக்கே தவணையைத் தொடங்குவது. மற்றொன்று, இன்னொரு 3 லட்சம் வாங்கி நகைக்கடனை அடைத்துவிட்டு, பாக்கி 2.5 லட்சத்தை வேண்டாம் என்று சொல்வது.

நகைக்கடனுக்கு என்ன வட்டி என்று நீங்கள் எழுதவில்லை. 11 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 3 லட்சத்துக்கு மாதம் 2,750 ரூபாய். அதே பணம் வீட்டுக் கடனில் இருந்தால் 2,100 ரூபாய். மாதம் 650 ரூபாய் மிச்சம், நகையும் வீட்டுக்கு வந்துவிடும். இருந்தாலும் ஒன்றை யோசியுங்கள். நகைக்கடனை ஒரு வருடத்துக்குள் உங்களால் அடைத்துவிட முடியும் என்றால் அதை அப்படியே விடுங்கள். ஒரு வருடத்தில் முடிய வேண்டியதை 20 வருடக் கடனில் சேர்க்க வேண்டாம். வருடா வருடம் வட்டி கட்டித் திருப்பி வைக்கிற நிலைமை என்றால் இரண்டாவது வழிதான் நல்லது.

முடித்த வேலைக்கு இப்போது பணம் விடுவார்களா என்று கேட்பீர்கள். வங்கிக்கு வங்கி இதில் வித்தியாசம் உண்டு, ஆனால் கேட்பதற்கு உங்களிடம் நல்ல நியாயம் இருக்கிறது. எஸ்டிமேட் 40 லட்சம், அதில் உங்கள் பங்கு 10 லட்சம், வங்கி 30 லட்சம் என்று கடிதத்தில் இருக்கிறது. அதாவது நாலில் மூன்று பங்கு வங்கியுடையது. உங்கள் 10 லட்சமும் முழுதாக இறங்கிவிட்டது என்றால், வங்கியின் 24.5, நகைக்கடன் 3 சேர்த்து இதுவரை 37.5 லட்சம் செலவாகியிருக்கிறது. அதில் முக்கால் பங்கு 28 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நீங்கள் கேட்கப் போவது மொத்தம் 27.5 லட்சம்தான். டைல்ஸ் கடை பில், பெயிண்ட் பில், எலக்ட்ரிகல் சாமான் பில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து தரை, சுவர், பாத்ரூம் ஃபிட்டிங்ஸ் என்று ஒவ்வொன்றையும் படம் எடுப்பார், இத்தனை சதவீத வேலை முடிந்தது என்று சான்று எழுதுவார். காம்பவுண்டு சுவர் பாக்கி என்பதால் 100 சதவீதம் என்று எழுத மாட்டார். அதற்காகத்தான் அந்த 2.5 லட்சத்தை வேண்டாம் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் 3 லட்சத்தை மட்டும் வாங்கினால், 2.5 லட்சம் பாக்கி என்று கணக்கு மறுபடியும் அதே இடத்தில் நின்றுவிடும். தவணை தொடங்காது, ப்ரீ இஎம்ஐ மட்டும் 19,250 ஆக உயரும்.

இந்தக் கடைசித் தொகையை வாங்கும்போது தேதியைக் கவனியுங்கள். 2024 ஏப்ரல் 29 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சில நிறுவனங்கள் பணம் கைக்குப் போகும் முன்பே, ஒப்பந்தத் தேதியிலிருந்தோ காசோலையில் போட்ட தேதியிலிருந்தோ வட்டி வாங்குவதும், மாதத்தின் நடுவில் கொடுத்துவிட்டு முழு மாதத்துக்கும் வட்டி போடுவதும் ஆய்வில் தெரிய வந்ததாகவும், அது தவறு என்றும் சொன்னது. உங்களுக்கு ரூஃப் வேலைக்கு வந்த 9 லட்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு வட்டி 207 ரூபாய். காசோலைத் தேதிக்கும் கைக்கு வந்த தேதிக்கும் 11 நாள் இடைவெளி என்றால் 2,278 ரூபாய் வித்தியாசம். பழைய மூன்று தொகைகளுக்கும் பணம் வந்த தேதியையும் வட்டி தொடங்கிய தேதியையும் ஸ்டேட்மெண்டில் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப் போகவில்லை என்றால் திருப்பிக் கேளுங்கள். ஆனால் 31 நாள் மாதத்தில் 17,479 என்றும் பிப்ரவரியில் 15,787 என்றும் இருந்தால் அது தவறில்லை. உங்கள் வங்கி நாள் கணக்கில் வட்டி போடுகிறது என்று அர்த்தம்.

வருமான வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருப்பதால் சொல்கிறேன். கட்டுமான காலத்து வட்டியை, வீடு முடிந்த நிதியாண்டிலிருந்து ஐந்து பங்காகப் பிரித்துக் கழிக்கலாம் என்று சொல்வார்கள். சரிதான். வீடு முடிந்த நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31 வரை கட்டிய வட்டி அந்தக் கணக்கில் வரும். ஆனால் நாம் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தப் பங்கும் நடப்பு வட்டியும் சேர்த்தே வருடத்துக்கு 2 லட்சம்தான் உச்சவரம்பு, அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால் மட்டும். உங்கள் 24.5 லட்சத்துக்கு வருட வட்டியே 2,05,800 ரூபாய். வரம்பு அதிலேயே நிரம்பிவிடுகிறது, பழைய வட்டிக்கு இடமில்லை. வீட்டில் உங்கள் மனைவிக்கும் பங்கு இருந்து, அவரும் கடனில் சேர்ந்து, அவர் வருமானத்திலிருந்தும் கட்டினால் அவருக்குத் தனியாக 2 லட்சம் உண்டு. அப்படி இல்லையென்றால், வரியில் திரும்பி வரும் என்ற கணக்கில் ப்ரீ இஎம்ஐயை நீட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இப்போது கிளைக்குப் போகும்போது கையில் கொண்டுபோக வேண்டிய கடிதம். வாயால் சொன்னால் நடக்காது, எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நீங்கள் இரண்டாவது வழியை எடுப்பதாக வைத்து எழுதுகிறேன்:

"எனது வீட்டுக் கடனில் ரூ. 30,00,000 அனுமதிக்கப்பட்டு, இதுவரை ரூ. 24,50,000 பெற்றுள்ளேன். முடிந்த வேலைக்கு ரூ. 3,00,000 வழங்குமாறும், மீதமுள்ள ரூ. 2,50,000 எனக்குத் தேவையில்லை என்பதால் அதை ரத்து செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். இதுவே கடைசி வழங்கல் எனப் பதிவு செய்து, அடுத்த மாதத்திலிருந்து தவணையைத் தொடங்கி, புதிய தவணை அட்டவணையை எழுத்துப்பூர்வமாகத் தர வேண்டுகிறேன்."

முதல் வழிதான் என்றால் 3 லட்சம் வரும் இடத்தை எடுத்துவிட்டு 5,50,000 ரூபாயையும் ரத்து செய்யச் சொல்லுங்கள்.

அட்டவணை கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மாதங்களின் எண்ணிக்கை. உங்கள் அனுமதிக் கடிதத்தில் 240 மாதம் என்று இருக்கிறதே தவிர, எந்த நாளிலிருந்து என்று தெளிவாக இல்லை. இனிமேல்தான் 240 என்றால் 27.5 லட்சத்துக்குத் தவணை 23,691 ரூபாய். முதல் தொகை வந்த நாளிலிருந்து எண்ணினால் 22 மாதம் போய் 218 மாதம்தான் மிச்சம், தவணை 24,634 ரூபாய். மாதம் 943 ரூபாய் கூடும், ஆனால் கடன் தள்ளிப் போகாமல் முதலில் நினைத்த தேதியிலேயே முடியும். உங்கள் சம்பளம் தாங்கும் என்றால் இந்த 218 மாதத்தையே கேட்டு வாங்குங்கள். அப்படிச் செய்தால் மேலே சொன்ன 58,000 ரூபாயைத் தனியாகக் கட்டவும் தேவையில்லை.

வங்கி 30 நாளில் பதில் தரவில்லை அல்லது தவணையைத் தொடங்க மறுக்கிறது என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் இணையம் வழியாகவே புகார் தரலாம், கட்டணம் இல்லை. முத்திரை வாங்கிய நகல் அப்போது கைகொடுக்கும்.

அப்புறம் இன்னொன்று. உங்கள் சம்பளக் கணக்கிலிருந்து பணம் தானாகப் போக ஒரு நாச் ஒப்புதல் கொடுத்திருப்பீர்கள். அதில் ஒரு உச்சத் தொகை இருக்கும். சில கிளைகளில் அன்றைய வட்டியை வைத்து 20,000 என்று போட்டு வாங்கியிருப்பார்கள். தவணை 23,000 ரூபாயைத் தாண்டும்போது அந்த ஒப்புதல் செல்லாமல் முதல் தவணையே திரும்பிப் போகும், சிபில் அறிக்கையிலும் ஏறும். அதனால் கடிதம் கொடுக்கும் அன்றே அந்தத் தொகை எவ்வளவு என்று கேட்டு, போதாது என்றால் புதிய ஒப்புதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.